சந்தன கலர் சட்டையை அரக்காக்குவது: சாயம் ஏறாத இடங்களும் சரிசெய்யும் வழிகளும்

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணுக்குத் தாய்மாமன்கள் நான்கு பேர். நால்வரும் ஒரே அரக்குக் கலர் பட்டுச் சட்டை போடுவதாகப் பேச்சு. மூன்று பேர் போட்டார்கள். நான்காவது மாமா குறுவைக்கு நாற்று விட்டுவிட்டு, முகூர்த்தத்துக்கு அரைமணி முன்னால்தான் வந்து இறங்கினார். பையில் வைத்த சட்டை வீட்டிலேயே தங்கிவிட்டது. கையில் கிடைத்த சந்தன கலர் சட்டையோடு வரிசையில் நின்றுவிட்டார். ஆல்பம் வேலைக்கு கும்பகோணத்துக்கு என்னிடம் வந்த பெண்ணின் அண்ணன், "படத்துல மாமா சட்டையையும் அரக்காக்கிடுங்க, கலர் மாத்துறது ஒரு நிமிஷ வேலைதானேண்ணே" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. பச்சைச் சட்டையை நீலமாக்கச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலைதான். வெள்ளையும் சந்தனமும் அப்படியில்லை. திருபுவனத்துச் சாயப்பட்டறையில் வெள்ளை நூல் வந்தால் எந்தச் சாயமும் ஏறும், கவலையில்லை. ஃபோட்டோஷாப்பில் அது தலைகீழ். ஏன் என்பது ஒவ்வொரு அறிகுறியைப் பார்க்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகும். இந்தப் படத்தையே உதாரணமாக வைத்துக்கொண்டு போகிறேன்.

முதலில் அளவெடுத்துக்கொள்ளுங்கள். `F8` அழுத்தினால் `Info` பலகை வரும். ஐட்ராப்பரின் அளவை `5 by 5 Average` என்று வையுங்கள். ஒற்றைப் பிக்சலை நம்பினால் நெசவு இழையின் நிழலை அளந்துவிட்டு ஏமாறுவோம். நான்காவது மாமாவின் சட்டையில் வெளிச்சம் விழும் மார்புப் பகுதி, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், 244, 236, 214. கையிடுக்கு மடிப்பின் நிழல் 176, 165, 140. பக்கத்தில் நிற்கும் மாமாவின் அரக்குச் சட்டையில் அதே மாதிரி இடங்கள் 122, 28, 40 மற்றும் 62, 12, 18. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை வேண்டும்.

அறிகுறி 1: `Hue` ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் சட்டை அசையவில்லை, அல்லது லேசாகச் சோகை பிடித்ததுபோல் ஆகிறது

`Hue` என்ன செய்கிறது என்றால், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் எது தூக்கல், எது தணிவு என்ற வரிசையை மாற்றுகிறது. தூக்கலுக்கும் தணிவுக்கும் உள்ள இடைவெளியை அது தொடுவதில்லை. சுத்த வெள்ளையில் அந்த இடைவெளியே பூஜ்யம். வரிசையை எப்படி மாற்றினாலும் வெள்ளை வெள்ளைதான். மாமாவின் சந்தன கலரில் 244க்கும் 214க்கும் நடுவே இருப்பது வெறும் 30. அரக்கில் 122க்கும் 28க்கும் நடுவே 94. ஆகவே `Hue`வை இழுத்தால் வெளிர் ரோஸ் வரும், வெளிர் பச்சை வரும், அரக்கு வரவே வராது. இதற்கு மருந்து கிடையாது. அந்த ஸ்லைடரை விட்டுவிடுங்கள்.

அறிகுறி 2: `Colorize` போட்டேன், அல்லது `Color` மோடில் அரக்கு பூசினேன், ரோஸ் பவுடர் கொட்டியதுபோல் வருகிறது

கடைக்குப் புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் இங்கேதான் மாட்டுகிறார்கள். நானும் மாட்டியவன்தான். மடிப்பின் நிழல் மட்டும் கொஞ்சம் சிவக்கும், மார்பும் தோளும் பஞ்சுமிட்டாய் மாதிரி நிற்கும்.

`Color` மோடு மேலே பூசிய நிறத்திலிருந்து சாயலையும் அதன் அடர்த்தியையும் மட்டும் எடுத்துக்கொள்கிறது. வெளிச்ச அளவை அடியில் உள்ள படத்திலிருந்தே எடுக்கிறது. மாமாவின் சட்டையின் வெளிச்ச அளவு 236 சுமார். அரக்குச் சட்டையினுடையது 57 சுமார். அரக்கை அரக்காகக் காட்டுவது அதன் சிவப்பு மட்டுமில்லை, அந்த இருட்டும்தான். 236 வெளிச்சத்தில் அரக்கு என்று ஒரு நிறம் உலகத்திலேயே இல்லை. அந்த உயரத்தில் இருக்கக்கூடிய சிவப்பு ரோஸ்தான். `Colorize`க்கும் இதே கதைதான். `Saturation`ஐ 100 வரை ஏற்றினாலும் வெளுத்த இடம் வெளுத்தே இருக்கும்.

இது நிறம் மாற்றும் வேலை என்று நினைப்பதுதான் கோளாறு. வெள்ளையைப் பொறுத்தவரை இது முதலில் இருட்டாக்கும் வேலை. சாயப்பட்டறையில் நடப்பதும் அதுதான். சாயம் துணிக்கு எதையும் கூட்டுவதில்லை. விழுகிற வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. `Multiply` மோடு செய்யும் கணக்கு அதையே:

```
முடிவு = அடி × மேல் ÷ 255
```

அடியில் 255 வெள்ளை இருந்தால் மேலே வைத்த நிறம் அப்படியே வரும். அடியில் பாதி நிழல் இருந்தால் நிறமும் பாதியாக இருளும். அதனால் மேலே வைக்க வேண்டியது, புதுத் துணி நல்ல வெளிச்சத்தில் எப்படித் தெரியுமோ அந்த நிறம். நம் படத்தில் 122, 28, 40. நிழல் பகுதியின் நிறத்தையோ, துணிக்கடைப் பட்டியலில் பார்த்த நிறத்தையோ வைக்கக் கூடாது. பக்கத்தில் அசல் நிற்கும்போது அதிலிருந்தே எடுப்பதுதான் நியாயம்.

அறிகுறி 3: `Multiply` போட்டேன், நிறம் வந்துவிட்டது, ஆனால் அட்டையை வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாக இருக்கிறது

முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில் "பரவாயில்லை" என்று ஆல்பத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று தெரிந்துவிடும்.

வெள்ளைத் துணியின் மடிப்புக்குள் இரண்டு பக்கச் சுவரும் வெளிச்சத்தை ஒன்றின்மேல் ஒன்று எறிந்துகொள்கின்றன. சுண்ணாம்பு அடித்த சின்ன அறை ஒற்றை ஜன்னலிலேயே வெளிச்சமாக இருக்குமே, அதேபோலத்தான். அதனால் வெள்ளையின் நிழல் ஆழமாக இருக்காது. அரக்குத் துணியில் சுவர்கள் வெளிச்சத்தைக் குடித்துவிடும். மடிப்பு இருண்டு கிடக்கும். எழுதி வைத்த எண்களைப் பாருங்கள். அரக்குச் சட்டையில் நிழல், வெளிச்சத்தில் 0.51 பங்கு (62 ÷ 122). மாமாவின் சட்டையில் சிவப்புச் சேனலில் 0.72 பங்கு (176 ÷ 244), நீலத்தில் 0.65 (140 ÷ 214).

இரண்டு விஷயம் இதிலிருந்து கிடைக்கிறது. ஒன்று, நிழலை ஆழப்படுத்த வேண்டும். இன்னொன்று, எந்தச் சேனலில் மடிப்பு அதிகம் உயிரோடு இருக்கிறதோ அதைத்தான் அடித்தளமாக எடுக்க வேண்டும். `Ctrl+3`, `Ctrl+4`, `Ctrl+5` அழுத்தி மூன்று சேனலையும் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். `Ctrl+2` அழுத்தினால் பழையபடி திரும்பலாம். சந்தன கலரில் நீலச் சேனல்தான் தணிந்து நிற்கும். அதனால் சிவப்பும் பச்சையும் 255ல் முட்டி வெளுத்த இடத்திலும் நீலத்தில் மடிப்பு மிஞ்சியிருக்கும்.

வேட்டி என்றால் கதை மாறும். வெளுத்துச் சொட்டு நீலம் போட்ட வேட்டி பகல் வெளிச்சத்திலும் ஃபிளாஷிலும் நீலத்தில் தூக்கி நிற்கும். சோப்புப் பவுடரில் இருக்கும் பளிச்சிடும் பொருள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பி விடுவதும் ஒரு காரணம். அங்கே நீலம்தான் முதலில் முட்டும். மடிப்பு சிவப்புச் சேனலில் கிடைக்கும். பழக்கத்தில் எப்போதும் நீலத்தையே எடுக்காதீர்கள், பார்த்துவிட்டு எடுங்கள்.

மாமாவின் சட்டைக்குச் செய்தது இது. படத்துக்கு மேல் ஒரு குரூப். அதற்குள் கீழிருந்து மேலாக மூன்று லேயர். முதலில் `Channel Mixer`: `Monochrome` டிக், சிவப்பு 0, பச்சை 0, நீலம் 100. அதன்மேல் `Levels`: வலது ஓரத்து வெள்ளை எண் 214, அதாவது நீலச் சேனலில் சட்டையின் வெளிச்சப் பகுதி. நடு எண்ணுக்கு ஒரு சின்னக் கணக்கு:

```
ln(0.65) ÷ ln(0.51) = 0.64
```

போனைப் படுக்கவைத்தால் கால்குலேட்டரில் `ln` வரும். நம்மிடம் இருக்கும் நிழல் பங்கு மேலே, வேண்டிய நிழல் பங்கு கீழே. விடை 0.64, அதை நடுக் கட்டத்தில் எழுதுங்கள். மூன்றாவதாக, எல்லாவற்றுக்கும் மேல் `Solid Color` 122, 28, 40, மோடு `Multiply`.

இப்போது கையிடுக்கை அளந்தால் எனக்கு வந்தது 63, 14, 21. பக்கத்து மாமாவின் கையிடுக்கு 62, 12, 18. இதைவிட நெருங்க வேண்டியதில்லை.

மூன்றுக்கும் சேர்த்து ஒரே மாஸ்க். அதைக் குரூப்பின் மேல் போடுங்கள். குரூப்பின் மோடு `Pass Through` என்றே இருக்க வேண்டும். யாராவது அதை `Normal` ஆக்கிவிட்டால், உள்ளே உள்ள லேயர்களுக்கு அடியில் இருக்கும் படம் தெரியாமல் போகும். மடிப்பே இல்லாத ஒரே சீரான அரக்குப் பட்டை வரும். தட்டையாக வந்தால் மற்றதெல்லாம் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். ஒருநாள் முழுக்க நான் வேறு இடத்தில் தேடியிருக்கிறேன்.

ஜேபெக் படத்தில் நீலச் சேனலை மட்டும் நம்பினால் துணியில் கட்டம் கட்டமாகத் திட்டு விழலாம். ஜேபெக் நிற விவரத்தைச் சுருக்கும் விதம் அப்படி, அதன் அடி பெரும்பாலும் நீலத்துக்குத்தான் விழும். 200 சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். திட்டு தெரிந்தால் நீலம் 60, பச்சை 40 என்று கலக்கலாம். கூட்டுத்தொகை 100 இருக்கட்டும். கலந்தபின் வெளிச்ச எண்ணையும் நிழல் பங்கையும் திரும்ப அளந்து `Levels`ஐ மாற்ற வேண்டும்.

அறிகுறி 4: நிறம் கலங்கி, அழுக்குத் தண்ணீரில் அலசியதுபோல் வருகிறது

`Channel Mixer` போடாமல் நேரே சந்தனத்தின் மேல் `Multiply` வைத்தவர்களுக்கு இது வரும். அரக்கில் அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் அரக்கில் நீலமே கொஞ்சம்தான். மயில்கழுத்து நீலம் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். 20, 80, 150 என்று வைத்தால் நீலம் 126 ஆகிவிடும், பச்சையோ 74ல் நின்றுவிடும். நீலத்தின் உயிரை சந்தனம் தின்றுவிட்டது. மஞ்சள் பல்பு மண்டபம் என்றால் இன்னும் மோசம். சாயம் போடும் முன் துணியின் மஞ்சளை எடுத்துவிட வேண்டும், அதைத்தான் `Monochrome` டிக் செய்கிறது.

இந்தப் படத்தில் இன்னொன்றும் இருந்தது. மாமா வாசலில் கட்டிய வாழைமரத்தை ஒட்டி நின்றார். இடது கைப்பக்கம் முழுக்க லேசான வாழைப்பச்சை. வெள்ளைத் துணி பக்கத்தில் இருக்கும் எதன் நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். மோனோக்ரோம் அதையும் துடைத்துவிடுகிறது. அப்படித் துடைப்பது நிஜத்துக்கு விரோதமா என்று யோசித்தேன். இல்லை, அரக்குத் துணி பச்சை வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட முழுதாக விழுங்கிவிடும். அவர் அரக்குச் சட்டையோடு அங்கே நின்றிருந்தாலும் பச்சை தெரிந்திருக்காது.

அறிகுறி 5: பட்டு, பருத்தி ஆகிவிட்டது

எண்களெல்லாம் சரியாக இருந்தும் மாமாவின் சட்டை கைத்தறிச் சட்டை மாதிரி தெரிந்தது. மற்ற மூவரின் தோளில் 168, 70, 80 அளவுக்கு ஒரு மினுக்கம் ஓடுகிறது, இவருடையதில் இல்லை. `Multiply` வைத்த நிறத்தைத் தாண்டி வெளிச்சமாக எதையும் காட்டாது. ஆனால் பட்டின் மினுக்கம் சாயத்துக்குள் போய்த் திரும்புகிற வெளிச்சமில்லை, இழையின் மேல்பரப்பிலேயே பட்டுத் தெறிப்பது. அதைத் தனியாகத்தான் ஏற்ற வேண்டும்.

அசல் படத்தை நகலெடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, சட்டையின் மாஸ்க்கை அதற்கும் போட்டு, `Ctrl+Shift+U` அழுத்திக் கறுப்பு வெள்ளையாக்கினேன். அதில் `Levels`ன் இடது கறுப்பு எண்ணை, உச்சி மினுக்கம் மட்டும் மிஞ்சும்வரை ஏற்றினேன். 230 சுமாரில் நின்றது. மோடு `Screen`, ஒபாசிட்டி 25 சதவீதம். அதற்குமேல் போனால் பிளாஸ்டிக் பையாகிவிடும். பருத்தி வேட்டிக்கு இந்த வேலையே வேண்டாம். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறம் கேட்டால் இது இல்லாமல் முடியாது. வெறும் `Multiply` ஓட்டை விழுந்ததுபோல் காட்டும்.

அறிகுறி 6: ஒரு இடம் மட்டும் வழவழவென்று, மடிப்பும் இல்லை இழையும் இல்லை

வலது தோளில் வெயில் விழுந்த இடம். மூன்று சேனலிலும் 255. அங்கே தோண்டி எடுக்க ஒன்றுமில்லை, எந்த ஸ்லைடரும் இல்லாததைக் கொண்டுவராது. ரா கோப்பு கைவசம் இருந்தால் அதைத் திரும்பத் திறந்து `Exposure`ஐ ஒரு ஸ்டாப் குறைத்துப் பாருங்கள், பல நேரம் மடிப்பு வெளிவரும். போட்டோகிராபர் ராவை அழித்துவிட்டு ஜேபெக்கை மட்டும் தருபவராக இருந்தால், அதே வரிசையின் அடுத்த ஷாட்டில் அந்தத் தோள் வெளுக்காமல் இருக்கிறதா என்று தேடி, அங்கிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டுங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அதுவும் இல்லையென்றால் `Add Noise`ல் 2 சதவீதம், `Monochromatic` டிக். மடிப்பு வராது, ஆனால் ரெக்சின் மாதிரி தெரியாமலாவது இருக்கும். மார்பு முழுக்க அப்படி வெளுத்திருந்தால் வேலையை வாங்காதீர்கள்.

அறிகுறி 7: ஓரத்தில் வெள்ளை நூல்

சட்டையின் விளிம்பைச் சுற்றி சாக்பீஸில் கோடு போட்டதுபோல். விளிம்புப் பிக்சல்களில் பாதி சட்டை, பாதி பின்னணி. மாஸ்க் அங்கே ஒரு பிக்சல் குறைந்தாலும் பழைய வெள்ளை எட்டிப் பார்க்கும். மாஸ்க்கைத் தேர்ந்துகொண்டு `Filter > Other > Maximum` 1 பிக்சல் கொடுத்தால் மாஸ்க் வெளியே விரியும். பின்னணி இருட்டாக இருந்தால் அதோடு முடிந்தது. கழுத்திலும் மணிக்கட்டிலும் அது தோலின் மேல் ஏறிக் கருஞ்சிவப்புக் கீறலாகும். அங்கே மட்டும் சின்னப் பிரஷ்ஷால் கையால் திருத்துங்கள்.

மாஸ்க்கில் விட்டுவைக்க வேண்டியவையும் உண்டு. மாமாவின் சட்டைமேல் மாலையிலிருந்து உதிர்ந்த இரண்டு மல்லிகை இதழ், பையின் மேலே கொஞ்சம் விபூதி, தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தின் ஜரிகைக் கரை. இவையெல்லாம் அரக்கானால் சாயம் கொட்டிவிட்டது போலிருக்கும்.

தாடைக்கு அடியையும் பாருங்கள். வெளிர் சட்டை, வெயிலை வாங்கிக் கழுத்துக்கும் தாடைக்கும் மேலே எறிந்திருக்கும். சட்டை அரக்கானபின் தாடை மட்டும் கீழிருந்து லைட் அடித்ததுபோல் நிற்கும். `Curves` ஒன்று போட்டு, மென்மையான பிரஷ் மாஸ்க்கோடு அந்த இடத்தைக் கொஞ்சம் இறக்கினேன். பக்கத்து மாமாவின் தாடைதான் அளவுகோல்.

கடைசியாக எல்லாவற்றுக்கும் மேல் ஒரு `Black & White` லேயர் போட்டு நான்கு சட்டையையும் பார்ப்பேன். நிறம் போனபின் எது தூக்கலாக இருக்கிறது என்பது சட்டென்று தெரியும். மாமாவுடையது ஒரு துளி வெளிச்சமாக இருந்தது. `Solid Color`ஐ 118, 26, 38 ஆக்கியதும் வரிசையில் கலந்துவிட்டது.

பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். பெண்ணின் அண்ணன் பார்த்தார், சரி என்றார். மாமாவின் சம்சாரம் படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "தம்பி, கைக்குள்ள மட்டும் பழைய சட்டை தெரியுதே" என்றார். கும்பிட்ட கையின் சட்டைக்கை வாய்க்குள், உட்புறத் துணி விரல்கடை அளவு சந்தனமாகவே இருந்தது. மாஸ்க்கில் விட்டுப்போயிருக்கிறது. ஐந்து நிமிஷ வேலை. பிரிண்ட் செலவு என்னுடையது.